ஒரு லட்சத்து எழுநூற்று இருபத்தேழு பெட்டி

இலத்தூர் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்து தண்ணீர் பாட்டில் கம்பெனி போடப்போகிறார் என்றதும் ஊரே சிரித்தது. அருவி கொட்டுகிற குற்றாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீரை விற்கவா போகிறான் என்று கேட்டார்கள். சிரித்தவர்கள்தான் அடுத்த வருஷம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரிடம் முப்பது பெட்டி வாங்கி, விலையில் குறைக்கவும் சொன்னார்கள். மனுஷர் குறைக்கவில்லை. பாதிப் பணம் அவருடையது. மீதிப் பாதி ஆலங்குளத்து வியாபாரி ஜெபசிங்குடையது. மெஷினுக்கு மட்டும் பாங்கில் கடன். பாட்டிலுக்குத் தன் மனைவி வடிவம்மாளின் பெயரைச் சுருக்கி ‘வடிவு’ என்று பெயர் வைத்தார். அந்த அம்மாள் வீட்டில் பானைத் தண்ணீர்தான் குடிப்பாள் என்பது வேறு விஷயம்.

நான் தென்காசியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்க்கிறவன், பெயர் குத்தாலிங்கம். அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அதன் கணக்கு என் மேஜையில்தான். எத்தனையோ முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். பில்லைப் பொய்யாகப் போடு என்பான் ஒருவன், பில்லே போடாதே என்பான் இன்னொருவன். அண்ணாச்சி மட்டும் காலை ஆறு மணிக்கு மெஷின் பக்கத்தில் நின்று, மூடி கோணலாக விழுந்த பாட்டிலைத் தானே எடுத்து ஓரம் வைப்பார். அவர்மேல் எனக்கு இருந்தது மரியாதை என்று சொன்னால் போதாது, பிரியமே இருந்தது.

ஜெபசிங் கெட்டவர் இல்லை. அவருடைய மகனுக்கு ஆலங்குளத்தில் ஒரு ஹார்டுவேர் கடை வைத்துக் கொடுக்கவேண்டியிருந்தது, அதனால் பணத்தைப் பிரித்துக்கொண்டு போக நினைத்தார். அதே நேரத்தில் வெளியூர்க் கம்பெனி ஒன்று மொத்த ஆலையையும் விலைக்குக் கேட்டது. அண்ணாச்சி கெஞ்சியதால் ஜெபசிங் ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தார். நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த வருஷம் வரி கட்டியது போக ஏழு லட்சம் லாபம் நிற்கவேண்டும். நின்றால் அதையே முதல் தவணையாக வாங்கிக்கொண்டு, தன் பாதியை அண்ணாச்சிக்கே எழுதிக் கொடுத்துவிடுவார். நிற்காவிட்டால் ஆலை வெளியூர்க்காரனுக்கு. கடன் வாங்கி ஏழு லட்சத்தை நிரப்புவதும் கூடாது. கடனில் முதல் தவணை கட்டுகிறவர் இரண்டாவது தவணைக்கு எங்கே போவார் என்று ஜெபசிங் கேட்டதில் நியாயம் இருந்தது.

அண்ணாச்சி மனக்கணக்கில் புலி. பன்னிரண்டு பாட்டில் கொண்ட ஒரு பெட்டியை, ஜிஎஸ்டி நீங்கலாக, தொண்ணூற்றாறு ரூபாய்க்குக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். பாட்டில், மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, வண்டி டீசல் என்று பெட்டிக்கு எழுபத்திரண்டு ரூபாய் ஓடிப்போகிறது. மிச்சம் நிற்பது இருபத்து நாலு. சம்பளம், கரண்ட், சோதனைக்கூடம், பாங்க் வட்டி, மெஷின் தேய்மானம் என்று வருஷச் செலவு, விற்றாலும் விற்காவிட்டாலும், பதினாலு லட்சம். அதோடு ஏழு லட்சத்தைக் கூட்டி இருபத்து நாலால் வகுத்தார். எண்பத்தேழாயிரத்து ஐந்நூறு பெட்டி வந்தது. முந்தின வருஷம் விற்றது எண்பதாயிரம். ஏழாயிரத்து ஐந்நூறு பெட்டிதானே என்று சந்தோஷமாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மே மாதம் ஆபீசுக்கு வந்தபோதுதான் விஷயத்தைச் சொன்னார். வரி எங்கே அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“என்ன குத்தாலிங்கம், டிவி பாக்கலையா நீரு? பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரியே கிடையாதுன்னு பட்ஜெட்டுல சொல்லிட்டாங்கல்லா.”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அந்தச் சலுகை தனி ஆளுக்கு. பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனிக்கு முதல் ரூபாயிலிருந்தே முப்பது சதவீதம், அதன்மேல் செஸ் என்கிற மேல்வரியும் சேர்த்து முப்பத்தொன்றே கால் சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூறு ரூபாய் சம்பாதித்தால் அறுபத்தெட்டு ரூபாய் எண்பது காசுதான் கையில் தங்கும். போன வருஷம் முனகிக்கொண்டே கட்டினாரே, அதே வரிதான். புது பட்ஜெட் அதை எடுத்துவிட்டது என்று மனுஷர் தாமாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏழு லட்சம் கையில் நிற்கவேண்டுமானால் வரிக்கு முன்னால் பத்து லட்சத்துப் பதினேழாயிரத்து நானூற்றுச் சொச்சம் சம்பாதிக்கவேண்டும். அதோடு பதினாலு லட்சம் செலவைக் கூட்டி, இருபத்து நாலால் வகுத்துக் காட்டினேன். ஒரு லட்சத்து எழுநூற்று இருபத்தேழு பெட்டி. மெஷின் ஒரு ஷிப்ட்டில் வருஷம் முழுக்க ஓடினாலே தொண்ணூற்றாறாயிரம்தான் வரும்.  அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கச் சொன்னார்.

ராத்திரி ஷிப்ட் போட்டால்? கூடுதல் சம்பளம் ஒரு லட்சத்து இருபதாயிரம். அந்தச் செலவை எடுக்கவே இன்னும் ஐயாயிரம் பெட்டி விற்கவேண்டும். விலையை இரண்டு ரூபாய் ஏற்றினால்? பெட்டிக்கு இருபத்தாறு நிற்கும், தொண்ணூற்று இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது பெட்டி போதும், மெஷினுக்குள் அடங்கும். மெல்லிசு பாட்டில் வாங்கிச் செலவில் இரண்டு ரூபாய் குறைத்தாலும் அதே எண்ணிக்கைதான். ஆனால் கையில் பிடித்தால் நசுங்குகிற பாட்டிலில் தன் பெண்டாட்டி பெயரை ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். பாட்டில் விலை மூன்று ரூபாய் ஏறினால் என்ன ஆகும் என்று நானே கேட்டு, நானே போட்டேன். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போய் நின்றது. போடாமல் இருந்திருக்கலாம்.

கொஞ்சம் சரக்கைப் பில் இல்லாமல் ஓட்டினால் வரி மிச்சம்தானே என்று பக்கத்து மேஜைக்காரர் குரல் கொடுத்தார். பில் இல்லாத விற்பனை கணக்கில் லாபமாகவும் வராது, ஜெபசிங் பார்ப்பது கணக்கில் உள்ள லாபத்தை என்று அவர் வாயை அடைத்தேன். பங்காளிச் சம்பளமாக எடுத்து வரியைக் குறைத்தாலும் அதே கதைதான், காட்டவேண்டிய லாபம் அங்கேயும் குறையும். அண்ணாச்சி மட்டும் அந்தப் பேச்சையே காதில் வாங்கவில்லை.

ஜெபசிங்கிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். போனார். அவரும் டிவியைத்தான் நம்பியிருந்தாராம், தனக்கும் தெரியாது என்றாராம். ஆனால் வெளியூர்க்காரனிடம் ஒரு வருஷம் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்றமுடியாது என்றும் சொல்லிவிட்டார். அண்ணாச்சி அதோடு எழுந்து வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டவன் நான்தானே என்பதுதான் அவருடைய பேச்சு. இந்த ரோஷம்தான் எனக்கு எரிச்சல். இன்னொரு தடவை கேட்டால் என்ன குறைந்துபோகும்?

ஜூன் முதல் வாரத்தில் சாரல் ஆரம்பித்ததும் குற்றாலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினார். பெட்டிக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்டார். ஐந்தருவிப் பக்கத்தில் கடை வைத்திருந்த சேக் தாவூது முதலில் சம்மதித்தார், மற்றவர்களும் சீசனாயிற்றே என்று ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் போனில் பேசிய பேச்சில் பட்டாளத்துக்காரர் தெரிந்தார். பத்தே நாளில், புது விலை நடப்புக்கு வருவதற்குள், பாட்டில் சப்ளை செய்கிறவர் விலையை ஏற்றிவிட்டார். பெட்டிக்குக் கணக்குப் போட்டால் சரியாக இரண்டு ரூபாய். தொண்ணூற்றெட்டுக்கு விற்று எழுபத்து நாலு போனால் நிற்பது மறுபடியும் அதே இருபத்து நாலு. இவ்வளவு அலைந்தும் ஒரு லட்சத்து எழுநூற்று இருபத்தேழு ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. இன்னும் இரண்டு ரூபாய் கேட்கப் போனார். வேறு கம்பெனித் தண்ணீர் தொண்ணூற்றைந்துக்குக் கிடைக்கிறது அண்ணாச்சி என்று சேக் தாவூது மெதுவாகச் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அப்புறம் மழை வலுத்தது. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் வேன்கள் திரும்பிப் போயின. கடைக்காரர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். மெஷின் ஓடாத நாளிலும் வேலைக்காரப் பெண்களுக்குச் சம்பளம் உண்டு. சீசன் முடிந்தபோது எண்பத்தேழாயிரமே எட்டாது என்று நான் நினைத்தேன், அவரிடம் சொல்லவும் செய்தேன். 

கார்த்திகை பிறந்ததும் கேரள எல்லையில் இருக்கிற புளியறைக்குப் போய்விட்டார். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் நிற்கிற சாப்பாட்டுக் கடைகளில், தானே மினி லாரியை ஓட்டிக்கொண்டு போய்ப் பெட்டி இறக்கினார். ஐம்பத்தாறு வயசில் தலையில் சுமந்தார். வடிவம்மாள் என்னைக் கூப்பிட்டு, “நீங்க சொன்னாலாவது கேப்பாரா? ஒடம்பு ஒடஞ்சு போவுதுய்யா” என்றாள். என் பேச்சையும் அவர் கேட்கவில்லை. தை மாதம் வரை அப்படியே கிடந்தார். பிறகு கல்யாண வீடு, கோயில் கொடைத் திருவிழா என்று ஒன்றையும் விடவில்லை.

மார்ச் கடைசியில் கணக்கை முடித்தேன். எண்பத்தேழாயிரத்து அறுநூற்று நாற்பது பெட்டி. அவர் கையெழுத்துப் போட்டபோது மனசில் வைத்திருந்த எண்ணுக்கு மேலேயே நூற்று நாற்பது பெட்டி. வெள்ளத்திலும் விலை ஏற்றத்திலும் அந்த மனுஷர் தாம் சொன்னதைச் செய்து காட்டிவிட்டார். லாபம் ஏழு லட்சத்து மூவாயிரத்து முந்நூற்று அறுபது. அதில் வரி இரண்டு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். மிச்சம் நாலு லட்சத்து எண்பத்து மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். கால்குலேட்டரை நான் மூன்று தடவை தட்டினேன், வேறு எண் வந்துவிடுமா என்ற நப்பாசையில். வரவில்லை.

ஏப்ரலில் மூன்று பேரும் என் ஆபீசில் உட்கார்ந்தோம். ஜெபசிங் தாளை வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். கடைசியில், “ஒங்க ஒழைப்புல கொறையே இல்ல அண்ணாச்சி. எனக்கு வேற வழி தெரியல” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு என்று நினைக்க ஆசைப்பட்டேன், நினைக்க முடியவில்லை. திட்ட ஒரு ஆள் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விற்ற பணத்தில் பாங்க் கடன் போக அண்ணாச்சிக்கு வந்தது, அவர் போட்டதில் பாதிகூட இல்லை. ஆலையை வாங்கினவர்கள் போர்டைக் கழற்றிய அன்றைக்கு அவர் அங்கே போகவில்லை. நேராக என்னிடம் வந்தார். அடுத்து என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே கேட்டார்.

“முன்கூட்டிக் கட்டினது போக, வரியில இன்னும் எவ்வளவு நிக்குது?”

நாற்பதாயிரத்துச் சொச்சம், அவசரமில்லை, நாள் இருக்கிறது என்றேன்.

“இன்னைக்கே கட்டிரும், குத்தாலிங்கம். வடிவு பேர்ல இனி கட்ட ஒண்ணும் இருக்காதுல்லா.”

கட்டினேன். ரசீதைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தபோது அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.  அவரை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.