தொண்ணூற்றில் நிற்கும் பட்டை

கணபதி பகுதியில் ஒரு பம்பு கம்பெனிக்கு வலைத்தளம் செய்துகொண்டிருந்தேன். பம்புப் படங்கள் சர்வரிலிருந்து ஆடி அசைந்துதான் வரும். வந்ததும் கீழே இருக்கும் எழுத்தையெல்லாம் தள்ளிவிட்டு உட்காரும். அதனால் ஒவ்வொரு படத்தின் இடத்திலும் அதே அளவில் ஒரு சாம்பல் பெட்டியை வைத்து, அதன்மேல் வெளிச்சம் ஓடுவதுபோல சிஎஸ்எஸ்ஸில் அனிமேஷன் போட்டேன். பக்கம் குதிப்பது நின்றது. பக்கத்தின் உச்சியில், எவ்வளவு வந்தாயிற்று என்று காட்டும் ஒரு நீலப் பட்டை தொண்ணூறு சதவீதம் வரை ஓடி, படங்கள் வந்து சேரும்வரை அங்கேயே நிற்கும்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, தொண்ணூறு வந்திருச்சுன்னு அதுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"தெரியாதுங்க. அது பாட்டுக்கு நேரத்தை வெச்சு ஓடுமுங்க. படமெல்லாம் வந்ததும் மிச்சத்தை நிரப்பிருமுங்க."

"அப்ப பொய்யுங்களா? தண்ணியே வராம மீட்டர் முள்ளு ஏறுச்சுன்னா, அந்தப் பம்பை நாங்க கேட்டைத் தாண்டி உட மாட்டோமுங்க."

ஒரு வார வேலையைப் பொய் என்று சொன்ன வாயைப் பார்த்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். அந்நேரம் அவருக்கு ஒரு விவசாயியிடமிருந்து போன் வந்தது. பெயின்ட்கூட அடிக்காமல் எதிரே கிடந்த, அந்த விவசாயி ஆர்டர் கொடுத்த பம்பைப் பார்த்தபடியே முதலாளி சொன்னார்: "லாரி பெரியநாயக்கன்பாளையம் தாண்டிப்போச்சுங்க."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பட்டையை ஆர்டர் பக்கத்துலயும் போட்டுக் குடுத்துருங்க அம்மணி. தொண்ணூறு பத்தாதுங்க, தொண்ணூத்தொம்பதுல நிறுத்துங்க."