நமத்த தாள்

இன்றைய அடைமழையில் என் ஜெராக்ஸ் மெஷினில் பேப்பர் சிக்கியது. மூடியைத் திறந்து, விசிறிபோல் கசங்கியிருந்த தாளை உருவினேன். சூடான மை வாசனை அடித்தது. கூடவே, எங்கும் இல்லாத இஞ்சி டீயின் வாசனையும் வந்தது.

பிளஸ் டூ முடித்ததும் நானும் என் பெஞ்சுத் தோழி ஸ்டெல்லாவும் குடவாசல் தாலுகா ஆபீஸ் எதிரே இந்த அறையைப் பிடித்தோம். என்ன கடை வைப்பது என்பதில்தான் சண்டை.

"சிட்டா, அடங்கல், ஆதார்னு ஆளுக்கு நாலு காப்பி எடுப்பாங்கடி," என்றேன்.

"அது பயிர் இன்சூரன்ஸ் சமயத்துல மட்டும்தான். டீ தினமும் குடிப்பாங்க. உன் ஜெராக்ஸுக்கு நிக்கிறவங்களே டீ கேப்பாங்க பாரு," என்றாள்.

கடைசியில் நடுவே ஒரு தட்டியைக் கட்டி இரண்டையும் வைத்தோம்.

தட்டி டீ பாய்லரின் ஆவியைத் தடுக்கவில்லை. அன்று இன்சூரன்ஸ் பணம் கட்டக் கடைசி நாள். விவசாயிகள் ரோடு வரை நின்றார்கள். பாய்லர் ஆவியில் நமத்துப்போன தாள்கள் இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு மெஷினுக்குள் சிக்கின. கூட்டம் வேறு கடைக்குப் போனது.

"எல்லாம் உன் டீயாலதான்!" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

ஸ்டெல்லா அடுப்பை அணைத்தாள். மறுநாள் பாய்லரை எடுத்துக்கொண்டு போனவள் திரும்பவில்லை.

இப்போது தட்டியும் இல்லை, ஆவியும் இல்லை. மழை ஈரத்துக்கே தாள் சிக்குகிறது.

காத்திருந்த பெரியவர் கேட்டார்: "நேரமாகும் போலருக்கே. இங்க டீ எங்கம்மா கிடைக்கும்?"

"இங்கயேதாங்க இருந்துச்சு," என்றேன்.