வேன் ஆயாவுக்கு வந்த பயோடேட்டாக்கள்

என் கணவர் இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த மறு திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்பினேன். மதுரையில் சபைச் சகோதரிகள் நடத்தும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் இருக்கிறேன். கோடை விடுமுறை இன்னும் முடியவில்லை. வகுப்பறைகள் பூட்டிக் கிடந்தன. அலுவலகத்தில் எல்லோரும் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். எனக்கு அது தேவையாக இல்லை. சத்தமாகப் பேசினாலும் ஒன்றுதான், மெதுவாகப் பேசினாலும் ஒன்றுதான் என்ற நிலையில் இருந்தேன். அழுகை வந்தால் நன்றாயிருக்கும் என்று தங்கைகள் சொன்னார்கள். வரவில்லை.

தலைமைச் சகோதரி என் மேசையில் ஒரு கவரை வைத்தார். "வாடிப்பட்டி வேனுக்கு ஆயா வேணும். பழைய ஆயா மகளோட திருப்பூருக்குப் போயிட்டாங்க. நீங்க படிச்சுப் பார்த்து ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. முடியும்தானே?"

"முடியும் சிஸ்டர்."

எனக்குக் கடினம் இல்லாத வேலை என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்.

எங்கள் வேன்களில் இரண்டு மட்டும் டிரைவர் வீட்டருகிலேயே இரவு நிற்கும். வாடிப்பட்டி வேன் அதில் ஒன்று. விடிந்ததும் அங்கிருந்து கிளம்பி, சமயநல்லூர், பரவை என்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் வரும். சாயங்காலம் அதே வழியில் திரும்பும். முதல் பிள்ளை ஏறும்போது ஆயா வண்டியில் இருந்தாக வேண்டும். ஆயா இல்லாமல் பள்ளி வண்டி ஓடக் கூடாது என்பது விதி. ஆக, ஆயா வரவில்லை என்றால் அந்த வண்டிப் பிள்ளைகள் எல்லோரும் ரோட்டில் நிற்பார்கள், பெற்றோர் போன் என் மேசையில் அடிக்கும். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், நடுவில் வேலை கிடையாது. முழுச் சம்பளமும் கிடையாது. அதற்கு ஆள் எடுப்பது ஆசிரியர் எடுப்பதைவிடச் சிரமம்.

கவரில் இருந்த பயோடேட்டாக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் ஒரே படிவத்தை வைத்துப் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுக்கிறார்கள். சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்று எட்டாம் வகுப்பு படித்தவரும் எழுதியிருந்தார், எம்.காம். படித்தவரும் எழுதியிருந்தார். அந்த வரியை நான் படிப்பதில்லை. முதலில் முகவரியைப் பார்ப்பேன். வண்டி கிளம்பும் இடத்துக்கு நடந்து வர முடியுமா? விடியும் முன் பஸ்ஸை நம்பி வருகிறவர் மழைக்காலத்தில் வரமாட்டார். அடுத்து முந்தைய வேலைகள். எந்த வேலைக்குப் போனார் என்பதைவிட எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் விட்டார் என்பது. மற்றது நேரில் கேட்டால்தான் தெரியும்.

முகவரியைக் கொண்டே பாதியை ஒதுக்கினேன். என் கை தானாக அந்த வேலையைச் செய்தது. ஒதுக்கியவர்களில் ஒருவரைப் பற்றியும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. முன்பெல்லாம் புகைப்படத்தைப் பார்த்தால் சங்கடமாக இருக்கும்.

சிஸ்டருக்குப் பிடித்தது ஒரு பெண்ணின் பயோடேட்டா. பி.ஏ. ஆங்கிலம், பி.எட். இரண்டாம் வருடம். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எந்த நேரமும் பணியாற்றத் தயார் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தாள். ஊர் மேலூர்.

"பெற்றோர்கிட்ட இங்கிலீஷ்ல பேசுவா. நமக்கு மரியாதையா இருக்கும்" என்றார் சிஸ்டர்.

நான் எடுத்து வைத்தது வாடிப்பட்டியிலேயே இருக்கும் ஒரு அம்மாவுடையது. பத்தாம் வகுப்பு. சிஸ்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எங்கேயும் மூணு மாசத்துக்கு மேல நிக்கலையே. நடுவுல ஒரு வருஷம் வேலையே இல்லை."

"மாசத்தைப் பாருங்க சிஸ்டர். ஆகஸ்டுல இருந்து அக்டோபர் வரைக்கும் ஜவுளிக்கடை. அது தீபாவளிக்கு எடுக்கிற ஆள். ஏப்ரல்ல இருந்து ஜூன் மாங்காய் மண்டி. சீசன் முடிஞ்சா அவங்களே அனுப்பிருவாங்க. இவங்க விட்டுட்டுப் போகலை. அடுத்த வருஷமும் அதே ஜவுளிக்கடைதான் எழுதியிருக்கு பாருங்க. வராத ஆளை ரெண்டாவது தடவை கூப்பிட மாட்டாங்க."

"அந்த ஒரு வருஷம்?"

"கேட்கணும்."

ஜவுளிக்கடைக்குப் போன் செய்தேன். ஒரு தளத்தின் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் பேசினார். "அந்த அக்காவா? கரெக்டா வருவாக மேடம். ஞாயித்துக்கிழமை கூட்டத்துலயும் வருவாக. வாய்தான் கொஞ்சம் சாஸ்தி. கஸ்டமரை விட அவுகதான் பேசிட்டு இருப்பாக." அதைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். மேலூர்ப் பெண் முதலில் வந்தாள். அழகாக இஸ்திரி போட்ட சுடிதார், கையில் கோப்பு. சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். என் முறை வந்தபோது, "வாடிப்பட்டிக்கு விடியக்காலம் எப்படி வருவீங்க?" என்றேன்.

"அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன் மேம்."

இந்தச் சம்பளத்தில் அறை எடுத்தால் கையில் என்ன மிஞ்சும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும். நான் அதைச் சொல்லவில்லை. "பி.எட். இரண்டாம் வருஷம்னா டீச்சிங் பிராக்டிஸ் இருக்குமே. எப்ப?"

அவள் கோப்பின் விளிம்பை நகத்தால் நீவினாள். "ஜூலைல இருந்து மேம். ஸ்கூல்ல காலையில எட்டரைக்கு இருக்கணும்." பிறகு, "ஏதாவது ஒரு ஸ்கூலுக்குள்ள வந்துட்டா போதும்னு போட்டேன்" என்றாள்.

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. படிப்பு முடிந்ததும் ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். சிஸ்டர் அவள் பயோடேட்டாவைக் கவருக்குள் திருப்பி வைத்தார்.

வாடிப்பட்டி அம்மா உள்ளே வந்ததும் மின்விசிறியைப் பார்த்து, "இதுக்குக் கீழயே உக்காந்துக்கிறேம்மா, பஸ்ல இம்புட்டுக் கூட்டம்" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கேட்காமலே பேசினார். வீடு வேன் நிற்கும் தெருவுக்கு அடுத்த தெரு. டிரைவரைத் தெரியும், அவர் சம்சாரத்தையும் தெரியும். மாமியார் வீட்டில் இருக்கிறார். மகன் எட்டாவது, தானே சைக்கிளில் பள்ளிக்குப் போய்விடுவான்.

"காலையில இறக்கிவிட்டதும் சாயங்காலம் வரைக்கும் என்ன செய்வீங்க?" இந்தக் கேள்விக்குத்தான் பலர் தடுமாறுவார்கள். நடுவில் வேறு வேலை தேடிக்கொள்வார்கள், பிறகு அந்த வேலை இதைத் தின்றுவிடும்.

"எந்தங்கச்சி வீடு அரசரடில இருக்கும்மா. சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கிறா. அவ கூட உக்காந்து தச்சுட்டு நேரத்துக்கு வந்துருவேன். ஒரு சேலைக்கு இம்புட்டுன்னுதான் காசு, நேரக் கணக்கு கிடையாது."

"தீபாவளிக்குக் கடையில கூப்பிடுவாங்களே?"

"கூப்பிடுவாக. போகமாட்டேன். ரெண்டு மாசத்துக்காக இத விடுவேனா? வருஷம் முச்சூடும் இருக்கே இது."

சிஸ்டர் காகிதத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்த ஒரு வருஷம் ஒண்ணும் எழுதலையே?"

அதுவரை ஓயாமல் பேசியவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். "மூத்தது ஒரு பொண்ணு இருந்துச்சு சிஸ்டர். காய்ச்சல்ல போயிருச்சு. சாதாக் காய்ச்சல்னுதான் நெனச்சோம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் எந்திரிக்கவே இல்ல நானு. பிரவுசிங் சென்டர் தம்பி, அந்த வருஷத்துக்கு எதையாச்சும் போட்டுருவோம்க்கான்னு சொல்லுச்சு. வேணாம்னுட்டேன்."

சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நான் அந்த அம்மாவைப் பார்த்தபடி இருந்தேன். கேட்க வேண்டும் என்று நினைக்காத ஒன்றைக் கேட்டேன்.

"இப்ப எந்திரிச்சிருவீங்களா?"

அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. "இந்த நேரத்துக்கு வரணும்னு ஒருத்தர் சொன்னா எந்திரிச்சிருவேம்மா. யாரும் சொல்லல, அதான் படுத்துக் கெடந்தேன்."

அவர் போன பிறகு சிஸ்டர் தயங்கினார். "பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. சின்னப் பிள்ளைங்க மத்தியில தாங்குவாங்களா?"

"அதுக்கப்புறம் மூணு சீசன் வேலை பார்த்திருக்காங்க சிஸ்டர். ஒண்ணையும் பாதியில விடலை." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. "நானும் வந்துட்டுதானே இருக்கேன்."

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். போலீஸ் சரிபார்ப்புக்கு ஆதார் நகலை வாங்கி அனுப்பினேன்.

பள்ளி திறந்தது. வாடிப்பட்டி வேன் பற்றி என் மேசைக்குப் போன் வரவில்லை. டிரைவர் மட்டும் ஒருநாள் வந்து முறையிட்டார். "அக்கா, அந்த அம்மா வாய மூட மாட்டேங்குதுக்கா. சமயநல்லூர் தாண்டுறதுக்குள்ள எங்காது போயிருது."

"வேற ஆள் பார்க்கவா?"

"அதெல்லாம் வேணாம்க்கா. எனக்கு முன்னாடி வந்து நின்னுருது. சும்மா சொன்னேன்."

மழை தொடங்கிய நாட்களில் ஒரு சாயங்காலம் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அந்த அம்மாவின் போன் வந்தது. வழக்கமான பேச்சு இல்லை. "நாளைக்கு வர முடியாதும்மா. பையனுக்குக் காய்ச்சல். ராசாசி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். முன்னாடியே சொல்லிட்டா நீங்க ஆள் பாத்துக்குவீகன்னுதான்."

"போங்க. நான் பார்த்துக்கிறேன்" என்றேன். மற்ற வேன் ஆயாக்களை இழுத்தால் அங்கே குறையும். விடியலில் நான் சமைத்துக் கொடுக்க வேண்டியவர் வீட்டில் யாரும் இல்லை. நானே போவதாக சிஸ்டருக்குச் சொல்லிவிட்டேன்.

இருட்டோடு ஆரப்பாளையத்தில் வாடிப்பட்டி பஸ் ஏறினேன். டிரைவர் என்னைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, பிள்ளையைத் தூக்கி ஏற்றி, பையை வாங்கி, கதவைச் சாத்த வேண்டும். அலுவலகத்தில் அவர்களை எனக்கு எண்களாகத்தான் தெரியும். கடைசி நிறுத்தத்தில் எல்.கே.ஜி. பிள்ளை ஒன்று படியில் நின்றுகொண்டு, "ஆயா எங்க?" என்றது.

"ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. வந்துருவாங்க."

அது யோசித்தது. பிறகு வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டது, என்னை அதற்குத் தெரியாது. அதன் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. நான் ஏதாவது உணர்வேன் என்று காத்திருந்தேன். பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஆனால் பள்ளிக்கு வரும் வரை இறக்கிவிடவும் இல்லை, கால் மரத்துப்போய்விட்டது.

அன்று மதியம் பசித்தது. சாப்பாட்டைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

பையனுக்கு வந்தது வெறும் சளிக் காய்ச்சல்தான். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அதற்கு மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்த அம்மா நேரே என் மேசைக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது, தூங்கவில்லை போல.

"நேத்து யாரும் வாந்தி எடுத்தாகளாம்மா?"

"ஒருத்தன் எடுத்தான். பரவைப் பையன்."

"அவன ஜன்னலோரம் உக்கார வைக்கணும். சொல்ல மறந்துட்டேன். ஒங்க சேலை போச்சா?"

"துவைச்சுட்டேன்."

"வெந்நில நனைச்சீகளா? பச்சத்தண்ணிலதான் மொதல்ல அலசணும்" என்று ஆரம்பித்து, பேசிக்கொண்டே போனார். நான் வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.