பல்லியின் கைப்பிடி

கண்ணாடி துடைக்கும் கம்பெனியில் அவனுக்குப் பல்லி என்று பெயர். இருபது வருஷத்துக்கு முன் அறுபத்தெட்டு கிலோவில் முப்பதாவது மாடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்தபோது வைத்த பெயர். இப்போது தொண்ணூற்றைந்தைத் தாண்டிவிட்டான், பெயர் மட்டும் பருக்கவில்லை. புதிதாகச் சேர்கிறவர்கள் அவன் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் உட்கார்ந்து தொங்கும் பலகையும் கயிறும் தாங்குவது நூறு கிலோ. இடுப்புப் பட்டை, வாளி, துடைப்பான் எல்லாம் சேர்ந்து ஒன்பது கிலோ. ஆக, ஆள் தொண்ணூற்றொன்றுக்குள் இருக்க வேண்டும். ஆறு வாரத்தில் வரும் வெள்ளிக்கிழமை எடை பார்ப்பேன், தொண்ணூற்றொன்றுக்குள் இருந்தால் கயிறு, இல்லையென்றால் தரையில் வாளி என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பல்லிக்குத் தரை என்றால் குமட்டும். கீழே நின்று மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே பிழைப்பதற்கு வேறு தொழிலே பார்க்கலாம்.

அதனால்தான் ஜிம்முக்குப் போனான். அந்த வியர்வை நாற்றம், கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்துக்கொள்ளும் பையன்கள், எல்லாமே அருவருப்பு. பயிற்சியாளர் மெலிந்த ஒரு பெண். இவன் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் பேச்சு சுருக்கமாகவும் சரியாகவும் இருந்தது.

"ஒரு நாளைக்குச் செலவாகிறதைவிட எழுநூறு கலோரி குறைச்சுச் சாப்பிடணும் சார். மூணு வேளை சாப்பாட்டை நான் எழுதித் தர்றேன். எண்ணெய் வேண்டாம்னு வீட்டுல சொல்லிடுங்க. நடுவுல ரெண்டு தடவை சின்னச் சாப்பாடு. நட்ஸ், வாழைப்பழம், தயிர்."

"மொட்டை மாடியில தராசைத் தூக்கிட்டு நிக்கச் சொல்றியாம்மா? காத்துல பறந்துடும்."

"தராசு வேண்டாம். கையே போதும்." தன் கையைக் குவித்து நட்ஸை அள்ளிக் காட்டினாள். "ஒரு கைப்பிடி முப்பது கிராம், நூத்தெண்பது கலோரி. அதுல கொழுப்பு பதினஞ்சு கிராம், மாவுச்சத்து ஆறு, புரதம் அஞ்சு. வாழைப்பழம் மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி வரைக்கும் ஒண்ணு, நூத்தஞ்சு. தயிர் ஒரு முஷ்டி அளவு, தொண்ணூறு. மொத்தம் முந்நூத்தி எழுபத்தஞ்சு. அதைப் போன்ல பதிஞ்சிடுங்க."

பல்லி ஒரு எழுத்து பிசகாமல் செய்தான். தினமும் காலை பத்துக்கும் மாலை நாலுக்கும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பான். ஒரு கைப்பிடி. ஒரு கை நீளப் பழம். ஒரு முஷ்டி தயிர். வெயிலில் புளித்த தயிரும், கறுத்துக் குழைந்த பழமும், வெக்கையில் சவசவத்துப்போன நட்ஸும் ஒன்றாக வாய்க்குள் போகும்போது கண்ணை மூடிக்கொள்வான். மனிதன் தின்கிற பண்டமா இது என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டான். ஆனால் விதியை மீறவில்லை. ஒரு முந்திரி கூடுதலாகத் தொட்டதில்லை. கீழே விழுந்ததை எடுத்துத் தின்றதுகூட இல்லை.

ஐந்து வாரம் போனது. எடை இறங்கியது ஒரு கிலோகூட இல்லை. வீட்டுத் தராசில் மூன்று தடவை ஏறி இறங்கி, அதை உதைத்தும் பார்த்தான். தொண்ணூற்று நாலரை. அப்புறம் யார் மேல் சந்தேகம் வரும்? வீட்டில் சமைக்கிறவள் மேல்தான்.

"நீ எண்ணெய் ஊத்துற," என்றான் மனைவியிடம்.

"ஒரு சொட்டு இல்லைங்க. வேகவச்ச காயைத்தான் நானும் தின்னுட்டிருக்கேன்."

"அப்ப என் உடம்பு காத்தைக் குடிச்சு வீங்குதா? என் பொழப்பைக் கெடுக்கறதுல உனக்கு என்ன கிடைக்குது?"

அவள் அடுப்படிக்குத் திரும்பினாள். அன்றிலிருந்து தட்டை வைப்பாள், எடுப்பாள், அவ்வளவுதான். பல்லியும் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு உண்பான். காயை விரலால் தேய்த்து, பிசுக்கு இருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பான். நினைத்தால் கூசும் வேலை. அவன் செய்தான்.

எடை பார்க்கும் நாளுக்கு முந்தின வியாழக்கிழமை மழை. மாடியில் உட்கார முடியாமல் டப்பாவோடு பொருள் அறைக்கு வந்தான். அங்கே சோப்புப் பொடியை நிறுத்துப் பொட்டலம் போடுகிற அக்கா உட்கார்ந்திருந்தாள். அவன் நட்ஸுக்குள் கையை விட்டதைப் பார்த்து அவள் முகம் சுளித்தாள்.

"என்ன தம்பி, மண்ணள்ளுற மாதிரி அள்ளுற."

"ஒரு கைப்பிடிதான் அக்கா. முப்பது கிராம்."

"அது முப்பதா? நான் இருபத்தஞ்சு வருஷமா பொடி அள்ளுறேன். எங்கிட்டயே கதை விடுற."

அவள் தராசில் காகிதம் விரித்தாள். அவன் அலட்சியமாகக் கொட்டினான். ஐம்பத்தெட்டு. தராசு கோளாறு என்றான். அவள் கல்லை வைத்துச் சரிபார்த்துக் காட்டி, மறுபடி கொட்டச் சொன்னாள். ஐம்பத்தெட்டு. பழத்தை உரித்து வைத்தார்கள், நூற்றைம்பது. தயிர் கால் கிலோ.

பல்லி அங்கேயே ஜிம்முக்குப் போன் போட்டான். ஐம்பத்தெட்டு கிராம் நட்ஸுக்கு எவ்வளவு, நூற்றைம்பது கிராம் பழத்துக்கு எவ்வளவு, கால் கிலோ தயிருக்கு எவ்வளவு என்று கேட்டான். பயிற்சியாளர் கணக்குப் போட்டுச் சொன்னாள். நட்ஸ் முந்நூற்றைம்பது, அதில் கொழுப்பு மட்டுமே இருபத்தொன்பது கிராம். பழம் நூற்று முப்பத்தைந்து. தயிர் நூற்றைம்பது. ஒரு வேளைக்கு அறுநூற்று முப்பத்தைந்து, பதிந்ததைவிட இருநூற்று அறுபது கூடுதல். இரண்டு வேளைக்கு ஐந்நூற்று இருபது கலோரி அவன் பதியாமலே உள்ளே போயிருந்தது.

"நான் சொன்ன கணக்கெல்லாம் என் கைக்கு சார்," என்றாள் அவள். "உங்க கைப்பிடி எத்தனை கிராம்னு முதல் நாளே ஒரு தடவை நிறுத்துப் பார்த்திருக்கணும். அப்புறம் கையாலயே அளந்துட்டுப் போகலாம். என் தப்புதான்."

அவள் தப்பு பாதி. தன் கையை விரித்துப் பார்த்தான். இருபது வருஷம் கயிற்றைப் பிடித்துப் பிடித்து முறம் மாதிரி ஆன கை. தன் கையால் அள்ளி, அவள் கையின் எண்ணை எழுதி, ஆறு வாரம் ஒழுக்கமாகத் தின்று இளைக்காமலே இருந்திருக்கிறான். டப்பாவை அப்படியே குப்பைத் தொட்டியில் கவிழ்த்தான். அக்கா பொடியை நிறுக்கப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தொண்ணூற்று நாலு. பட்டையும் வாளியும் சேர்த்து நூற்று மூன்று. மேற்பார்வையாளர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எட்டு வாரம் கீழ இரு, அப்புறம் பார்க்கலாம்," என்றார். அவன் பலகையில் ஒரு புதுப் பையன் உட்கார்ந்து மேலே போனான். அன்று முழுக்க பல்லி வாளியில் தண்ணீர் பிடித்தான். பிறர் தேய்த்த கண்ணாடியின் அழுக்குத் தண்ணீர் முப்பது மாடியிலிருந்து அவன் தலையில் சொட்டியது.

மாலை வீட்டுக்கு வந்து நாற்காலியில் விழுந்தான். மனைவி தட்டை வைத்தாள்.

"எண்ணெய் இல்ல," என்றான். "என் கைதான் காரணம். நேத்துதான் தெரிஞ்சுது." நடந்ததை எல்லாம் சொன்னான். ஐம்பத்தெட்டைச் சொன்னான், நூற்று மூன்றைச் சொன்னான். "உன்னைத் தப்பாப் பேசிட்டேன்."

அவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த எண்ணெயில்லாச் சோத்தைத் தின்னு நான் நாலு கிலோ இறங்கியிருக்கேன்," என்றாள். "தினம் காலையில நீங்க இறங்கினதும் அதே தராசுல ஏறிப் பார்ப்பேன். என்மேல நீங்க சந்தேகப்பட்ட அன்னைக்கும் பார்த்தேன். வீட்டுச் சாப்பாடு ஆளை இறக்கும்ங்கறதுக்கு நானே சாட்சியா உங்க முன்னாடி நடந்துட்டிருந்தேன். தட்டை அவ்வளவு முகர்ந்து பார்த்தீங்களே, ஒரு தடவை என்னைப் பார்த்தீங்களா?"

பல்லி நிமிர்ந்து பார்த்தான். அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சட்டைத் தோள் இரண்டு விரல் கீழே இறங்கித் தொங்கியது. ஒரே வீட்டில் இருக்கும் மனுஷி, இத்தனை வாரமாகக் கண்ணெதிரே. அவனுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது, தட்டிலிருந்த காயை அவனால் வாயில் வைக்க முடியவில்லை.