மூன்றாம் வரிசையில் நின்ற பொய்

பெங்களூர் கார்மெண்ட்ஸ் வேலையை முதுகுவலியால் விட்ட பிறகு, என் சேமிப்பைப் போட்டு வீட்டிலிருந்தே பங்கு வாங்கி அன்றன்றே விற்றுக்கொண்டிருந்தேன். கணவரோடு ஒரே ஒப்பந்தம்தான்: பெரிய அடி ஒன்று விழுந்தால், பழையபடி விடியற்காலை ரயிலேறி வேலைக்குப் போக வேண்டும்.

தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போகும் அவருக்கு அன்று லீவு. எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டையில் அவருக்கு வேறு வேலையே இல்லாததுபோல் என் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். காலையில் நான் வாங்கிய பங்கு கொஞ்சம் லாபத்தில் இருந்தது. காத்திருக்கும் ஆர்டர்களை விலைவாரியாக வரிசைப்படுத்திக் காட்டும் மார்க்கெட் டெப்த்தில், வாங்குவோர் பக்கம் மூன்றாம் வரிசையில் திடீரென்று ஒரு பெரிய ஆர்டர் வந்து நின்றது.

"வாங்கறவன் மலையாட்டம் நிக்கறான் பாரு. விக்காத, ஏறும்."

நான் டேப்பைப் பார்த்தேன். டெப்த்தில் இருப்பது சொல். டேப்பில் ஓடுவதுதான் செயல். நடந்து முடிந்த வியாபாரம் மட்டும்தான் அதில் வரும். ஒவ்வொன்றும் வாங்குவோர் கேட்ட விலையிலேயே முடிந்துகொண்டிருந்தது. அளவும் பெருத்துக்கொண்டே போனது. விற்பவர்களுக்குத்தான் அவசரம் என்று அர்த்தம். விலை ஒரு படி இறங்கியது. மேல் வரிசை ஒன்று தீர்ந்துவிட்டதால், அந்தப் பெரிய ஆர்டர் நிஜமானால் இரண்டாம் வரிசைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் கீழான விலைக்குப் போய் மறுபடியும் மூன்றாம் வரிசையிலேயே நின்றது. வாங்க வந்தவன் இப்படி ஓட மாட்டான்.

"இது பொய் ஆர்டருங்க. நான் வித்துடறேன்."

அவர் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இன்னா அவசரம் உனக்கு? அத்தினி பேரு வாங்க நிக்கறாங்க, கண்ணு தெரியலியா?"

"கைய எடுங்க."

எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்ன மலை திரையிலிருந்து மறைந்தது. இரண்டாவது படி, மூன்றாவது படி என்று விலை சரிந்தது. அதற்குப் பிறகுதான் கையை எடுத்தார். கிடைத்த விலைக்கு விற்கச் சொல்லி அழுத்தினேன். வாங்க ஆளில்லை; இருந்த சொற்ப ஆர்டர்களைத் தின்றுகொண்டே என் பங்கு மளமளவென்று கீழ்விலைகளில் போய் விழுந்தது. காலை லாபத்தோடு சேமிப்பிலும் ஒரு பெரிய துண்டு போனது.

"உன் நேரம் சரியில்ல," என்று எழுந்தார். என் நேரமாம்! "நாளைக்கு ரெண்டு டப்பா கட்டு. ரெண்டு பேரும் ரயிலுக்குப் போலாம்."

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. டேப்பைப் படித்தது நான், தடுத்தது அவர், தண்டனை எனக்கு.

விடியற்காலையில் இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தேன்.

"உன்னுது எங்க?"

"ரெண்டும் உங்களுக்குத்தான். ஒண்ணு காலைக்கு, ஒண்ணு மத்தியானத்துக்கு. அடி விழுந்தது உங்க கையால."

அவர் கிளம்பியதும் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினேன். மார்க்கெட் திறந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.