தோலை ஒட்டி இருக்கும் துணி

குளிருக்கு உடுத்தத் தெரிந்த ஆள் அந்தக் காலத்தில் செகந்திராபாத் மெட்டுகுடாவில் நான் ஒருவன்தான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா ரயில்வே பட்டறையில் சுமை தூக்கும் கலாசி. நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெல்டிங் பிடித்தவன். ஜீடிமெட்லா தொழிற்பேட்டையில் சொந்தமாக ஷெட் போட்டேன். பெரிய சர்க்கார் கம்பெனிகள் ஆள் அனுப்பிக் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்தேன். அப்படி வந்த வேலைதான் சிம்லாவில் இரும்புத் தொட்டிகள் நிறுத்துவது. மூன்று குளிர்காலம் என் ஆட்களோடு அங்கே கிடந்தேன். வேலூர்ப் பக்கத்து ஆட்களும் தெலுங்குப் பையன்களும் மார்கழியில்கூட வெறும் பனியனோடு திரிந்து பழகியவர்கள். அவர்களில் ஒருவனுக்கும் ஒரு விரல்கூடக் கறுக்காமல் திருப்பிக் கூட்டிவந்தேன்.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முதல் வாரத்திலேயே பார்த்துப் புரிந்துகொண்டேன். நம் ஆட்கள் ஒரே ஒரு தடித்த கோட்டை மாட்டிக்கொண்டு சுத்தியல் அடிப்பார்கள். உள்ளே பருத்திச் சட்டை வேர்வையில் ஊறும். டீ குடிக்க உட்கார்ந்த அடுத்த நிமிடம் பல் கிட்டும். பருத்தி ஈரத்தைக் குடித்தால் விடாது. உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்கும். கம்பளி அப்படியில்லை, கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பை விடாது. அதனால் தோலை ஒட்டிக் காய்ந்த கம்பளி பனியன், அதன்மேல் தளர்வாக ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜெர்கின். இடையில் நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை. இறுக்கிப் போட்டால் அது செத்துப்போகும். மேடு ஏறும்போது கழற்ற வேண்டும், நின்றவுடன் மாட்ட வேண்டும். என் ஆட்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு நான் சொல்லாமலே செய்தார்கள்.

மூன்றாம் குளிர்காலத்தில் தொட்டி வேலை முடியும் தறுவாயில் மனைவியை வரவழைத்தேன். பனி விழுவதைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஊருக்கு வந்திருந்தபோது, ஹைதராபாத் கோட்டிக் கடைத்தெரு நடைபாதையில் குளிர்காலத்துக்குக் கடை போடும் திபெத்துக்காரர்களிடம் அவளுக்கு ஸ்வெட்டரும் சால்வையும் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். கம்பளிப் பைஜாமாவை எடுத்து நீட்டியபோதுதான் சண்டை.

"புடவைக்குள்ள இதைப் போடணுமா? நக்கோ, வேணாம். ஆம்பளைங்க உடுப்பு."

"யார் பார்க்கப் போறா? மலைக்காரங்க வந்து உன் புடவையைத் தூக்கிப் பார்ப்பாங்களா?"

"வாயைப் பாரு. அந்தத் தொட்டிக்கு நாலு சுத்துத் துணி போர்த்துங்க, அதுதான் உங்க பேச்சைக் கேக்கும்."

கடைசியில் போட்டுக்கொண்டாள். மூன்று நாள் மால் ரோட்டில் என் பக்கத்தில் நடந்தாள். தேவதாரு மரங்கள் மேகத்துக்குள் நின்றன. எங்கே மரம் முடிகிறது, எங்கே ஆகாயம் தொடங்குகிறது என்று தெரியாது. ஊரே யாரோ தூக்கத்தில் நினைத்துப் பார்த்த ஊர் மாதிரி இருந்தது. நாங்களும் மெதுவாகத்தான் பேசினோம். சத்தமாகப் பேசினால் எல்லாம் கலைந்துவிடும்போல.

நான்காம் நாள் காலை ஊர் உச்சியில் இருக்கும் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். இதில் அப்போது எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. அதற்கு முந்தின வருஷம் என் கண்ணில் இரும்புத் துகள் பாய்ந்து பத்து நாள் கட்டுப் போட்டுக் கிடந்தேன். பார்வை திரும்பினால் ஈரத்துணியோடு மூன்று சுற்று வருவதாக ஆஞ்சநேயருக்கு நேர்ந்துகொண்டிருக்கிறாள். செகந்திராபாத்தில் அதற்கு என்ன, குழாயடியில் நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவிட்டு வரலாம். ஆனால் மலையுச்சி ஆஞ்சநேயர் கண்ணில் பட்டதும் அவருக்கே செலுத்திவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். சொன்னால் விடமாட்டேன் என்று தெரியும். பைஜாமாவைக் கழற்றிப் பெட்டியில் போட்டு, பாவாடையையும் ரவிக்கையையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்து உடுத்தி, மேலே காய்ந்த புடவை, ஸ்வெட்டர், சால்வை என்று நான் சொன்ன வரிசைப்படியே போர்த்திக்கொண்டு வந்து நின்றாள். நான் பார்த்தது அந்த மேல் வரிசையை மட்டும்தான்.

மேடு செங்குத்தானது. பாதி வழியில், "ஸ்வெட்டர் பொத்தானைத் திறந்து விடு, வேர்த்துடும்" என்றேன்.

"எனக்கு வேர்க்கவே இல்லைங்க" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்றே நாளில் மலைக்குப் பழகிவிட்டாள் என்று நினைத்தேன். மூடுபனி எங்கள் கால்களுக்கிடையே பூனைமாதிரி நுழைந்து நுழைந்து வந்தது. மேலே எங்கோ கோயில் மணி. அது கிட்டே வருகிறதா தூரம் போகிறதா என்று சொல்ல முடியவில்லை.

உச்சியில் காற்று. செருப்பை விடும் இடத்தில், கம்பளிக் காலுறையைக் கழற்றாதே என்று சொன்னேன். அவள் கழற்றிவிட்டாள். குரங்குகள் தேங்காயைப் பிடுங்கும் என்பதால் நான் கம்போடு வாசலில் நின்றேன். அவள் சுற்றத் தொடங்கினாள். வெள்ளைப் புகைக்குள் ஒரு சிவப்புப் புடவை போகும், சுவர் மறைக்கும், மறுபடி வரும். ஒரு சுற்று. இரண்டாம் சுற்று மெதுவாக. மூன்றாவதில் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். பின்பக்க மூலையில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் ஒரு சாந்தம். கை ஸ்வெட்டரின் பொத்தானைத் தேடித் தேடித் தவறிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?"

"எரியுதுங்க... கழட்டணும்." நாக்கு தடித்த மாதிரி வந்தது பேச்சு. "குழாயில தண்ணி வந்துடுச்சா? பக்கத்து வீட்டம்மா குடம் வெச்சிருப்பாங்க..."

நினைப்பில் மெட்டுகுடாவில் இருந்தாள் அவள். நடுக்கமே இல்லை. நடுங்குகிற வரைக்கும் உடம்பு சண்டை போடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, கை தடுமாறி, பேச்சு குழறி, குளிரிலே எரிகிறது என்று ஒருத்தர் துணியைக் கழற்றப் பார்த்தால் உயிர் வாசற்படியில் நிற்கிறது. முதல் குளிர்காலத்தில் ஓர் உள்ளூர்க் கூலியாள் அப்படிக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அவன் எழுந்திருக்கவில்லை. அவள் கழுத்துக்குள் கையை விட்டேன். ரவிக்கை மீன்மாதிரி சில்லென்று ஈரமாக இருந்தது.

"நேர்ந்துக்கிட்டது" என்றாள், தூக்கத்தில் சொல்வதுபோல. "உங்க கண்ணுக்கு."

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. நடக்க வைக்காமல், குலுக்காமல், இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். அந்த வயதில் நான் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரைத் தனியாகத் தோளில் ஏற்றுவேன். அவள் எனக்கு ஒரு பாரமா. கோயில் மதிலை ஒட்டி ஒரு டீக்கடை, பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. கடைக்காரரும் அவர் மனைவியும் ஓடிவந்தார்கள். கடைக்காரர் அடுப்பை இழுத்துக் கிட்டே வைத்தார். கடுகெண்ணெய்க் குப்பியை எடுத்துக் கைகாலைத் தேய்க்க வந்தார். இன்னொரு கையில் ரம்.

"நக்கோ பாய்" என்றேன், என் ஹைதராபாத் இந்தியில். "கை காலைத் தேய்ச்சா அங்கே நிக்கிற குளிர்ந்த ரத்தம் மொத்தமா நெஞ்சுக்கு ஓடும். சாராயம் ஊத்தினா இருக்கிற சூடும் வெளியே போகும். முதல்ல நெஞ்சு. கை கால் அப்புறம்."

"நீ டாக்டரா?" என்றார்.

"தொட்டி கட்டறவன்."

அவர் ரம்மைக் கீழே வைத்தார். பிறகு எண்ணெயை மூடி வைத்தார். ஆண்கள் இருவரும் முதுகைத் திருப்பிக்கொள்ள, அந்த அம்மா ஈரத்தையெல்லாம் உருவி எறிந்தார். நான் என் ஜெர்கினையும் ஸ்வெட்டரையும் கழற்றி, தோலோடு ஒட்டிக் கிடந்த கம்பளி பனியனை உருவி, திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் நீட்டினேன். என் சூடு அதில் இருந்தது. அதை அவளுக்கு மாட்டினார்கள். கீழே அந்த அம்மாவின் கம்பளி சல்வார். தரையின் குளிர் ஏறாமல் அடியில் பஞ்சு வைத்துத் தைத்த ரஜாய் ஒன்று, மேலே ஒரு ரஜாய், தலைக்குக் காய்ந்த துண்டு. பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி அக்குளிலும் நெஞ்சிலும் வைக்கச் சொன்னேன். அந்த அம்மா அதோடு நிற்கவில்லை. தானும் ரஜாய்க்குள் புகுந்து, பிறந்த பிள்ளையை அணைப்பதுபோல அவளைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்.

பிறகு காத்திருந்தோம். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றும் தெரியாது. தகரத்தின் இடுக்கில் பனி உள்ளே ஊதியது. தூள் தூளாக வந்து அடுப்பு வெளிச்சத்தில் மிதந்து, தரையைத் தொடாமலே மறைந்தது. நான் அவளுக்குக் காட்ட ஆசைப்பட்ட பனி அதுதான். அவளுடைய மூச்சு ரஜாயை மெல்லத் தூக்கி இறக்கியது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அடுத்தது வருமா என்று பார்த்தேன். நான் கட்டிய பெரிய தொட்டிகள், ஷெட், லாரி எல்லாம் எங்கோ கீழே, மேகத்துக்கு அடியில், வேறு யாருடையவோபோல இருந்தன.

முதலில் ரஜாயின் ஓரம்தான் அசைந்தது. அப்புறம் பல் மோதும் சத்தம். மாவு அரைக்கிற இயந்திரம்போலக் கடகடவென்று நடுங்கினாள். கடைக்காரர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"நல்லது" என்றேன். "இதுக்குத்தான் காத்திருந்தேன்."

நடுக்கம் வெகுநேரம் ஓடியது. கண் திறந்து, "பாட்டில் சுடுதுங்க" என்று தெளிவாகக் குறை சொன்ன பிறகுதான், சர்க்கரை கொட்டிய டீயை வாய் வாயாகக் கொடுக்கச் சொன்னேன். இரண்டாவது தம்ளரில் முழுப் பேச்சும் வந்துவிட்டது. தான் போட்டிருப்பது என்ன என்று குனிந்து பார்த்தாள்.

"இது யாரோட சல்வார்?"

"இவங்களோடது."

"மெட்டுகுடாவுல யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"செத்துப் பிழைச்சதைச் சொல்லலாமா?"

"அதையும் சொல்லாதீங்க. சொன்னா கடைசியில இந்தத் துணியில வந்து நிக்கும் பேச்சு." தம்ளரைக் கீழே வைத்தாள். "மூணாவது சுத்து பாதியில நின்னுபோச்சுங்க."

திட்டுவதற்கு வாய் எடுத்தேன். அவள் என் கண்களையே, இரண்டையும் மாற்றி மாற்றி, பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படுத்திரு. அதை நான் முடிச்சிட்டு வர்றேன். காய்ஞ்ச துணியோட."

"அது செல்லுமா?"

"செல்லாம என்ன. கண்ணு என்னோடதுதானே."

கடைக்காரர் சொல்லி அனுப்பிய கூலிக்காரர்கள் கீழே இருந்து தூக்கு நாற்காலி கொண்டுவரும்வரை அவளை எழவிடக் கூடாது என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். என் பனியன் அவள் மேல் இருந்தது. கடையில் கிடந்த பழைய செய்தித்தாளை நெஞ்சிலும் முதுகிலும் மடித்து வைத்து, அதன்மேல் ஸ்வெட்டரையும் ஜெர்கினையும் மாட்டினேன். காற்றுக்குத் தாள் கெட்டியான தடுப்பு. காலுறையைக் கழற்றவில்லை, ஆஞ்சநேயருக்கு அது புரியும்.

அவள் சாய்ந்து நின்ற பின்பக்க மூலையிலிருந்து தொடங்கினேன். பனி கனமாக இறங்க ஆரம்பித்திருந்தது. குரங்குகள்கூட மரத்தில் ஒடுங்கிவிட்டன. மணி அடிப்பவர் யாருமில்லை. ஸ்வெட்டருக்குள் தாள் சரசரக்க, வெள்ளைக்குள் நான் மட்டும் மெதுவாக நடந்து, மிச்சமிருந்த பாதிச் சுற்றை முடித்தேன்.