அலமாரி மேல் ஏறிய நெய் ஜாடி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் நடத்துகிறவர் இல்லை, பேக்கரியில் பப்ஸ் போடுகிறவர். மாவை விரித்து, கொழுப்பைப் பரப்பி, மடித்து, மறுபடி விரித்து அவர் அடுப்பில் வைத்தால் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அந்தக் கையை நினைத்து நானே பெருமைப்பட்டிருக்கிறேன். வாயைத்தான் சகிக்க முடிந்ததில்லை. எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்க வேண்டும்.

ஆள் கெட்டவர் இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அம்மா போன பிறகு, “மாமா எங்க கூடவே இருக்கட்டும்” என்று முதலில் சொன்னவர் அத்தான்தான். பெற்ற மகள்கள் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார். அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுவதும், கைபிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போவதும் அவர்தான்.

அப்பாவுக்கு வயது ஏற ஏறச் சாப்பாட்டில் மனம் போகவில்லை. தட்டைப் பார்த்ததும், “அப்புறம் பாக்கலாம்மா” என்பார். ஒன்றுக்கு மட்டும் மசிவார். சூடான சோற்றின் மேல் ஒரு சின்ன ஸ்பூன் நெய். அக்கா வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே காய்ச்சுவாள். வெண்ணெயில் இருக்கும் தண்ணீர் படபடவென்று பொரிந்து அடங்கும். அடியில் கசடு சிவக்கும் நேரம் பார்த்து அடுப்பை அணைப்பாள். அந்த வாசனைக்கு அப்பா கூப்பிடாமலே வந்து மேசையில் உட்காருவார். அன்றைக்குத் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. “இந்த வயசுக்கு இது பெரிய விஷயமில்ல. உடம்பு இளைக்காம பாத்துக்கங்க, அதுதான் முக்கியம்” என்றார் டாக்டர். அத்தான் காதில் ஏறியது கொலஸ்ட்ரால் என்ற ஒரு சொல் மட்டும்தான். அவருடைய அண்ணன் சின்ன வயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். அந்தப் பயம் இவரை விட்டதே இல்லை.

அன்றைக்கே நெய் ஜாடி அலமாரி மேல் ஏறிவிட்டது. அக்காவுக்கு எட்டாத உயரம். மறுநாள் பேக்கரியிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்து சமையலறையில் வைத்தார். தாவர எண்ணெயைத் தொழிற்சாலையில் கெட்டியாக்கிச் செய்த கொழுப்பு. பப்ஸுக்குப் போடுவார்களே, அதேதான். இப்போது பல இடங்களில் அதைத் தடுத்துவிட்டார்கள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

“இனிமே எல்லாத்துக்கும் இதுதான். செடியில இருந்து வந்தது. இதுல கொலஸ்ட்ரால் துளிகூடக் கெடையாது.”

“பாட்டில் எண்ணெய் இருக்கேங்க?” என்றாள் அக்கா.

“அதுவும் எண்ணெய்தான், இதுவும் எண்ணெய்தான். வருஷக்கணக்கா இதுலயே கைய வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதில் கொலஸ்ட்ரால் கிடையாதுதான். எலிப் பாஷாணத்திலும்தான் கிடையாது. ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு அன்றைக்கு எதுவும் தெரியாது.

அந்தக் கொழுப்பை உருக்கி ஊற்றிய சோற்றை அப்பா ஒரு வாய் வைத்தார். “மெழுகு மாதிரி அண்ணத்துல ஒட்டுதும்மா” என்று தட்டைத் தள்ளினார். பிறகு பாதித் தட்டு, கால் தட்டு என்று குறைந்துகொண்டே வந்தது. சட்டை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. அக்கா ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி ஜாடியை எடுத்தாள். கண்கொத்திப் பாம்பாக இருந்த அத்தான் அவள் கையிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொண்டார்.

நான் போயிருந்த ஒரு மத்தியானம் அப்பா அவரிடம் நேராகவே கேட்டார். “மாப்பிள்ளை, ஒரே ஒரு ஸ்பூன்.”

மருமகனிடம் கையேந்துகிற குரலில் என் அப்பா பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“உங்க நல்லதுக்குத்தான் மாமா” என்றார் அத்தான். அவர் கண் கலங்கியிருந்தது. அதையும் பார்த்தேன்.

குளிர் தொடங்கியதும் அப்பாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. தாங்க உடம்பில் ஒன்றுமில்லை, போய்விட்டார். நெய் கொடுக்காததால் செத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். வயது இருந்தது, நோய் இருந்தது. ஆனால் கடைசி மாதங்களில் அவர் ஒரு வேளைகூட ஆசையாகச் சாப்பிடவில்லை. அதை மட்டும் யார் வந்து சொன்னாலும் என்னால் விழுங்க முடியாது.

அடுத்த வருடம் அத்தானே பேக்கரி அடுப்பின் முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், என்ன சாப்பிடலாம் என்று சொல்லும் உணவு ஆலோசகரிடம் போகச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் போய் உட்கார்ந்தோம்.

“சமையலுக்கு என்ன பயன்படுத்துறீங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“எங்க வீட்ல நெய்யே கெடையாது மேடம். அடியோட நிறுத்திட்டேன்” என்றார் அத்தான், மெடல் வாங்கப் போகிறவர் போல.

“சரி, வேற என்ன?”

சொன்னார். வீட்டில் அதுதான், வேலையிடத்தில் தின்கிற பப்ஸிலும் பிஸ்கட்டிலும் அதுதான். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“எண்ணெய கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகுது சார். கெட்ட கொலஸ்ட்ரால ஏத்தும், நல்லத இறக்கும். இருக்கறதுலயே இதயத்துக்கு மோசமானது அதுதான்.”

“அப்ப நெய் நல்லதா?”

“அப்படியும் இல்ல. நெய்யில பாதிக்கு மேல நிறைகொழுப்பு, அதுவும் கெட்ட கொலஸ்ட்ரால ஏத்தும். வெண்ணெயும் அதே கொழுப்புதான், தண்ணி கொஞ்சம் கலந்திருக்கும். அன்றாடச் சமையலுக்குக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய், சூரியகாந்தி மாதிரி ஊத்தற எண்ணெய்தான் நல்லது, அதுவும் அளவா. தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் செடியில இருந்து வந்தாலும் நிறைகொழுப்பு ஜாஸ்தி. மத்ததக் குறைச்சீங்கன்னா, ஒரு டீஸ்பூன் நெய்க்கு உங்க சாப்பாட்டுலயே இடம் இருக்கு. எண்ணெய்க்கு மேல கூடுதலா இல்ல, அதுல ஒரு பங்குக்குப் பதிலா. அது மருந்தும் இல்ல, விஷமும் இல்ல.”

அத்தான் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வயசானவரு. ஒல்லியானவரு. சாப்பாடே எறங்கல. கொலஸ்ட்ரால் மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கு. அவருக்கு?”

“அவருக்குச் சோறு உள்ள போறதுதானே முக்கியம்? ஒரு ஸ்பூன் நெய்யால ரெண்டு வாய் கூடச் சாப்பிடுவார்னா தாராளமா கொடுங்க” என்றாள் அவள். பாவம், அந்த ஆள் உயிரோடு இருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அந்த வெள்ளைக் கட்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டார். அக்கா கடைக்குப் போய் வெண்ணெய் வாங்கி வந்து காய்ச்சினாள். அதே வாசனை வீடெல்லாம் பரவியது. மேசையில் அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. அங்கே இருக்க முடியாமல் நான் வாசலுக்குப் போய்விட்டேன்.

அக்கா இப்போது தினமும் மத்தியானம் அத்தான் தட்டில் சோறு வைத்து, டீஸ்பூனால் வழித்து அளந்து நெய் ஊற்றுகிறாள். முதல் நாள் அவர் தட்டின் மேல் கையை வைத்து மறைத்தார்.

“வேணாம்மா. எனக்கு எறங்காது.”

“சாப்பிடுங்க” என்றாள் அக்கா. “உங்க நல்லதுக்குத்தான்.”

கையை எடுத்தார். அன்றிலிருந்து மறுக்காமல் சாப்பிடுகிறார். அவர் கடைசிப் பருக்கையை எடுக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள்.